அப்பாவிடம் கேட்க ஆறு வாக்கியம்

"பேக்கரி ஆரம்பிக்கட்டுமாப்பா?" என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் "அப்புறம் பார்க்கலாம்". கேள்வி அவ்வளவு பெரிதாக இருப்பதுதான் காரணம். கடன், கடை, படிப்பு, கல்யாணம் எல்லாம் ஒரே நொடியில் அப்பாவின் மனதில் ஓடிவிடும். வாய் திறக்கவே தயங்கும் பெண்ணால் அத்தனைக்கும் அங்கேயே பதில் சொல்ல முடியாது. அதனால் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். பேக்கரிக்கு வேண்டாம், ஆறு சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி கேட்கலாம்.

மதுரையில் பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் நன்றாகச் செய்வது ஒன்றே ஒன்று, பட்டர் கேக். க்ரீம் கேக் இப்போது வேண்டாம்; அதற்கு ஃப்ரிட்ஜில் இடம் வேண்டும், வெயிலில் கொண்டுபோகவும் முடியாது. அத்தை வீட்டில் சும்மா கிடக்கும் ஓடிஜி அடுப்பை இரவல் கேட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒரே நேரத்தில் இரண்டு கேக் வேகும்.

பேசுவதற்கு முன் ஒரு தாளில் கணக்கு எழுத வேண்டும். ஏறக்குறைய அரைக் கிலோ வரும் ஒரு கேக்குக்கு வெண்ணெய் 125 கிராம், 75 ரூபாய். மூன்று முட்டை 20. மைதாவும் சர்க்கரையும் 15. வெனிலா, பேக்கிங் பவுடர் 5. கரண்ட் 10. பெட்டியும் தாளும் 15. மொத்தம் 140 ரூபாய். விலை ஊருக்கு ஊர் மாறும். அவள் தன் தெருக் கடையில் கேட்டு எழுதியிருந்தால்தான் அப்பா நம்புவார். விற்கும் விலை 250. வாரம் இரண்டு வீதம் ஆறு வாரத்தில் 12 கேக், மிச்சம் 1,320 ரூபாய். பாத்திரம் கழுவுவதையும் சேர்த்து வாரம் மூன்று மணி நேரம் என்றால் அவள் உழைப்புக்கு மணிக்கு 73 ரூபாய்தான் கிடைக்கும். இதை அவளே முதலில் சொல்லிவிட வேண்டும். குறைவான தொகையை மறைக்காமல் சொல்கிறவள் மற்றதையும் மறைக்கமாட்டாள் என்று வீட்டாருக்குத் தோன்றும்.

இனி பேச்சு. சித்தப்பா, பெரியப்பா கூடியிருக்கும் நாள் ஆகாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அப்பா இருவர் மட்டும் இருக்கும்போது, தாளை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் பேசலாம். அவர் பார்வை தாளில் இருக்கும், கூச்சம் பாதி குறையும்.

"அப்பா, ஆறு சனிக்கிழமை மட்டும், மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும், நான் கேக் செஞ்சு விக்கட்டுமா? அத்தையோட அடுப்பு இருக்கு, என் சேமிப்புலேர்ந்து 2,000 ரூபாய் போதும், உங்ககிட்ட காசு கேக்கல. தெரிஞ்ச வீடுகளுக்கு மட்டும்தான், யாரும் நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க. சொந்தக்காரங்க வாங்குறதைக் கணக்குல சேர்க்க மாட்டேன். வெளியாள் ஆர்டர் ரெண்டு வாரம் சேர்ந்தாப்புல வரலேன்னா நானே நிறுத்திடறேன். டெலிவரிக்கு மட்டும் நீங்க கூட வரணும்."

ஒரு நிமிடத்துக்குள் முடியும் இந்தப் பேச்சில் முக்கியமானது நிறுத்தும் நிபந்தனை என்பேன். பிள்ளை பிடிவாதமாக இறங்கிவிடுவாளோ என்பதுதான் பெற்றவர்களின் பயம். எப்போது நிற்பாள் என்று தெரிந்தால் அந்தப் பயம் தணியும். சொந்தக்காரர்களை ஒதுக்குவதும் அதே அளவு அவசியம். அவர்கள் பாசத்துக்கு வாங்குவார்கள், பாதிப் பேர் காசும் தரமாட்டார்கள்; கேக் விற்கிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவளுக்குப் பதிலாக அம்மாவைப் பேசச் சொல்லும் வழக்கம் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அம்மா பேசினால் அது அம்மாவின் சிபாரிசாகிவிடும், கேள்விகளும் அம்மாவிடமே போகும். அடுப்படி நேரத்தை அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் போதும்.

இரண்டு கேள்விகள் எப்படியும் வரும். ஒன்று ப்ளக். ஓடிஜி பல 1,500 வாட் இழுக்கும். மிக்ஸி மாட்டும் சின்ன ப்ளக்கில் போட்டால் சூடேறிவிடும். வாஷிங் மெஷினுக்குப் போட்டிருக்கும் பெரிய ப்ளக்கைக் காட்டி, அங்கேதான் வைப்பேன் என்று சொல்லலாம். இன்னொன்று சட்டம். வீட்டில் செய்து விற்பதற்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்தச் செலவும் சேமிப்பில் அடங்கும். எண் கையில் வந்த பிறகே முதல் கேக்கை விற்க வேண்டும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் உளற வேண்டியதில்லை. "கேட்டு எழுதி வச்சு ஞாயித்துக்கிழமை சொல்றேன்ப்பா" என்றால் போதும். அப்பா தாளில் விலையைத் திருத்தத் தொடங்கினாலோ, "வெண்ணெய் எங்கே வாங்கினே?" என்று கேட்டாலோ அவர் உள்ளே வந்துவிட்டார். தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி "பார்க்கலாம்" என்றால், "எந்த வாரம் கேக்கட்டும்ப்பா?" என்று ஒரு தேதி மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம்.