நான்கு நொடிக்குள் ஒரு பெரட்டு

கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, பேரனிடம் பழைய கதை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அஞ்சரை மணிக்கே பெரட்டுல நிக்கணும்டா, லேட்டா போனா கங்காணி நெரையே குடுக்க மாட்டாரு." இயல்பான வேகத்தில் இதைச் சொல்ல நான்கு நொடி போதும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: இருள் பிரியாத பெரட்டுக்களம், பெயர் கூப்பிடும் கங்காணி, அன்றைக்கு வெட்ட வேண்டிய மர வரிசையான நெரை, அது கிடைக்காவிட்டால் போகும் நாள் கூலி எல்லாம் அந்த வாக்கியத்திலேயே இருக்கின்றன. தமிழ் தெரியாத மலாய் ரசிகர் ஒருவர் இதைத் திரையில் பார்க்கும்போது அவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதுதான் வசன வரி எழுதுபவரின் கணக்கு.

இந்தக் கணக்கு நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்க்கையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வெளிவந்தது. 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. தமிழ் பேசாதவர்கள் அந்தப் படத்துக்குள் போன வழி, திரையின் அடியில் ஓடிய வரிகள்தான்.

தொலைக்காட்சியிலும் இணையத் திரையிலும் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு இது: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லை, வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு ஏறக்குறைய 17 எழுத்து. இடைவெளியும் நிறுத்தக்குறியும் எழுத்தாகவே எண்ணப்படும். பாட்டியின் நான்கு நொடிக்கு 68 எழுத்து. திரையில் 84 எழுத்துக்கு இடம் இருந்தாலும் நேரம் 68-க்குத்தான் அனுமதி தருகிறது. பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இடமல்ல, நேரம்.

பாட்டி சொன்னதை ஒன்றும் விடாமல் மலாயில் எழுதிப் பார்த்தால் 111 எழுத்து வருகிறது. படிக்க ஆறரை நொடி வேண்டும். அதற்குள் பேரன் பதில் சொல்லி முடித்திருப்பான். 'சப்டைட்டில் எடிட்' போன்ற மென்பொருளில் இந்த வரி சிவப்பாகத் தெரியும். அதிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் இப்படி நிற்கும்:

```
12
00:01:05,000 --> 00:01:09,000
5.30 pagi mesti berkumpul, nak.
Lewat, mandur tak beri kerja.
```

முதல் வரி 31, இரண்டாவது 29, ஆக 60 எழுத்து. மூன்றரை நொடியில் படித்துவிடலாம், பாட்டியின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் நேரமும் மிஞ்சும். மணியைச் சொல்லால் எழுதாமல் இலக்கத்தில் போட்டது பெரிய மிச்சம். 'நெரை' போய் 'வேலை' வந்துவிட்டது. நெரை கிடைக்காது என்றால் அன்றைக்கு வேலை இல்லை என்றுதான் பொருள் என்பதால் சேதிக்குச் சேதமில்லை. கங்காணி 'மண்டோர்' ஆகிவிட்டார். இது எனக்குச் சற்று வலிக்கிற இழப்பு. ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணியின் வரலாறு மண்டோரில் இல்லை. ஆனால் மலாய் வாசகர் தயங்காமல் படிக்கும் சொல் அதுதான். ஒரு சொல்லில் கண் தடுக்கினால் அடுத்த வரி முழுதும் கைவிட்டுப் போகும்.

முதலில் வெட்டப்பட்டு, பிறகு திரும்பிச் சேர்க்கப்பட்டது 'டா'. 68-இல் இடம் மிஞ்சியதால், காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து ஐந்தே எழுத்தில் 'நாக்' என்ற விளி உள்ளே வந்தது. மலாய்ப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் சொல் அது. அது இல்லாவிட்டால் பாட்டி அறிக்கை வாசிப்பதுபோல் ஆகிவிடும். மிஞ்சிய எழுத்துகளைத் தகவலுக்குச் செலவழிப்பதைவிட உறவுக்குச் செலவழிப்பதே சரி என்பது என் எண்ணம். தகவலில் பாதியைப் படமே சொல்லிவிடும். பெரட்டுக்களம் திரையில் தெரியும் காட்சியென்றால் அதற்கு எழுத்துச் செலவே வேண்டாம்.

இந்த வேக வரம்பு ஏன் வேண்டும்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கேரி டிடெவாலும் அவருடைய குழுவினரும் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 1991-இல் வெளியான அவர்களின் ஆய்வில், அடிவரிக்குப் பழகாத அமெரிக்கர்கள், தங்கள் சொந்த மொழிப் படத்தில் அதே மொழி அடிவரி வந்தபோதும் அதைப் படித்தார்கள். வரி வந்தால் கண் தானாக இறங்கிவிடுகிறது. வரி நீளமாக இருந்தால் கண் கீழேயே தங்கும், மேலே நடிப்பவரின் முகம் வீணாகும். அதற்காக மெதுவாக ஓடவிட்டாலும் நல்லதில்லை. 2018-இல் அக்னியெஷ்கா ஷார்கோவ்ஸ்கா, ஒலிவியா ஹெர்பெர் மொரோன் ஆகியோர் நொடிக்கு 12, 16, 20 எழுத்து என்று மூன்று வேகங்களை ஒப்பிட்டார்கள். வேகமான வரிகளையும் பார்வையாளர்கள் சமாளித்தார்கள். மெதுவான வரிகளிலோ, படித்து முடித்ததையே திரும்பப் படிப்பது கூடியது.

மலேசியத் திரையரங்கில் நெருக்கடி இன்னும் அதிகம். இரண்டு மொழி வரிகள் ஒன்றாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வரிதான். பாட்டியின் வசனம் 42 எழுத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

```
Lewat pukul 5.30, mandur tak beri kerja.
```

இது 40 எழுத்து. நேரமும் மிரட்டலும் தப்பின. கூடி நிற்பதும் பாசமும் போயின. இதற்குமேல் மணியை எடுத்தாலும் மண்டோரை எடுத்தாலும் வசனம் பொய்யாகிவிடும்.

நீளம் சரியாக இருந்தும் கெட்டுப்போகும் வரிகள் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். "நேத்து ராத்திரி கோயில் பக்கம் வந்தது... என் தம்பி இல்ல" என்று நடிகர் இழுத்து நிறுத்தும் இடத்தில், மறுக்கும் சொல்லை முதலில் வைக்கும் மலாய் வரி இரண்டு நொடி முன்னதாகவே ரகசியத்தை உடைத்துவிடும். மலாயில் 'யாங்' என்று தொடங்கி, வந்தவனை முதலில் சொல்லி, 'புக்கான்' என்ற மறுப்பை அடுத்த வரிக்குத் தள்ளினால் நடிகரின் மௌனம் பிழைக்கும்.

இன்னொன்று நம் பேச்சுக்கே உரியது. "ரொம்ப சூசாதான்" என்று பாட்டி சொன்னால், 'சூசா'வை மலாய்க்காரரின் காது தெளிவாகப் பிடித்துவிடும். அடியில் வேறொரு அழகிய சொல் ஓடினால் வரி தப்பு என்று அவர் நினைப்பார், அடுத்த வரிகளையும் நம்பமாட்டார். காதில் விழும் பெயரும் எண்ணும் மலாய்ச் சொல்லும் கூடுமானவரை அடிவரியிலும் அப்படியே இருக்க வேண்டும்.

மலாயிலிருந்து தமிழுக்கு எழுதும்போது எழுத்தெண்ணிக்கையே வேறு. "லேட்டா போனா வேலை கிடைக்காது" என்பதில் நாம் பார்ப்பது 12 எழுத்தும் 3 இடைவெளியும், மொத்தம் 15. கணினியோ காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனிக் குறியாக எண்ணி 27 என்கிறது. 'கா' அதற்கு இரண்டு, 'க்'கும் இரண்டு. ஆங்கிலத்துக்கு வகுத்த 42 என்ற எண்ணை அப்படியே வைத்தால், கண் எளிதாகப் படிக்கக்கூடிய தமிழ் வரிக்கும் சிவப்பு விழும். எழுதுபவர் தேவையில்லாமல் வெட்டத் தொடங்குவார். ஆகவே தமிழ் வரிக்கு எண்ணை மட்டும் நம்பாமல், அந்த எழுத்துருவில் வரி திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு, மூலமொழி தெரியாத ஒருவரை ஒரே முறை பார்க்கவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு என்ன சொன்னார் என்பதில் அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த வரியைத்தான் மறுபடி எழுத வேண்டும்.