"வட்ஸ்அப்பிற்கு வாருங்கள்" என்ற அழைப்பின் உள்நோக்கம்

வெளிநாட்டிலிருந்து பரிசுப்பொதி வந்திருப்பதாகக் கூறிப் பணம் பறிக்கும் மோசடி எமது நாட்டுக்குப் புதியதல்ல. நைஜீரியப் பிரஜைகள் உட்படப் பலர் இது தொடர்பில் கைதாகியுள்ளனர். சுங்கத் திணைக்களமும் பல தடவைகள் எச்சரித்துள்ளது. எனினும், இம்மோசடியில் பணம் கேட்கப்படுவதற்கு வெகு முன்னரே நிகழும் ஒரு சிறு நகர்வை எவரும் பெரிதுபடுத்துவதில்லை.

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் ஆசிரியை ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். நட்புத் தளமொன்றில் 'இலண்டன் வைத்தியர்' ஒருவர் அறிமுகமாகிறார். மூன்றாம் நாளே, "இத்தளத்திற்கு நான் அதிகம் வருவதில்லை, உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தைத் தாருங்கள்" என்கிறார்.

அந்த வைத்தியர் அதே வேளையில் இன்னும் பலருடன் உரையாடிக்கொண்டிருப்பார். அவர்களுள் ஒருவர் முறையிட்டாலும் தளம் அவரது கணக்கை முடக்கக்கூடும். சில தளங்கள் அவருடன் பேசிய ஏனையோருக்கும் எச்சரிக்கை அனுப்பும். ஆசிரியையின் இலக்கம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதால், கணக்கு முடக்கப்படுவதால் அவருக்கு நட்டமில்லை. எச்சரிக்கை வந்தாலும், தினமும் காலை வணக்கம் கூறும் மனிதரைப் பற்றியது அது என ஆசிரியை நம்பப்போவதில்லை.

தளத்தின் உரையாடலில் வங்கிக் கணக்கு இலக்கமோ சந்தேகத்துக்குரிய இணைப்போ தென்பட்டால், தளத்தின் கண்காணிப்பில் அது சிக்கக்கூடும். வட்ஸ்அப் செய்திகளோ அனுப்புபவரும் பெறுபவரும் மாத்திரம் வாசிக்கக்கூடியவாறு மறையாக்கம் செய்யப்பட்டவை. எமது அந்தரங்கத்தைக் காக்கும் ஏற்பாடே மோசடிக்காரனுக்கும் திரையாகிறது. நாம் முறையிட்டால் மட்டுமே, இறுதியாக வந்த ஐந்து செய்திகள் வரை அந்நிறுவனத்தைச் சென்றடையும்.

அடுத்து, பொதி வந்திருப்பதாகச் 'சுங்க அதிகாரி' ஒருவர் அழைப்பார். 45,000 ரூபாவைத் தனிநபர் ஒருவரின் கணக்கில் வைப்பிலிடச் சொல்வார். செலுத்தியதும், பொதிக்குள் டொலர்கள் இருந்ததால் தண்டப்பணம் எனப் பெருந்தொகை கேட்கப்படும். சுங்கத் திணைக்களம் தனிநபர் கணக்குகளில் தீர்வை அறவிடுவதில்லை. இலங்கை இலக்கத்திலிருந்து, சரளமான சிங்களத்திலோ தமிழிலோ அழைப்பு வருவதும் அத்தாட்சியாகாது. உள்ளூர் உதவியாளர்கள் இல்லாமல் இத்தொழில் நடப்பதில்லை.

இடமாற்றக் கோரிக்கை ஒவ்வொன்றும் மோசடியல்ல என்பதையும் கூறவேண்டும். நுவரெலியாவில் மோட்டார் சைக்கிள் விற்பவரைத் தொலைபேசியில் அழைப்பது எமது வழமை. ஆனால், வண்டியின் ஆண்டையோ ஓடிய தூரத்தையோ விசாரிக்காமல் முதல் வரியிலேயே வட்ஸ்அப் இலக்கம் கேட்பவரும், நேரில் வர மறுத்து முற்பணம் கோருபவரும் வேறு ரகம். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்பவர் உங்கள் வட்ஸ்அப் கணக்கையே கைப்பற்ற முனைகிறார்.

சில நட்புத் தளங்களில் மறுதரப்பினர் தொடர்பைத் துண்டித்ததும் உரையாடல் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே இலக்கத்தைக் கொடுக்க முன்னரே அவரது பக்கத்தையும் உரையாடலையும் திரைப்படம் பிடித்து வைப்பது அவசியம். பணம் சென்றிருந்தால் முதலில் வங்கிக்கும், பின்னர் அந்தப் பிரதிகளுடனும் வைப்புச் சிட்டையுடனும் பொலிஸாருக்கும் அறிவிக்கவேண்டும். இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். வெட்கத்தினால் உரையாடலை அழித்துவிட்டால், அதிலிருந்த சான்றுகளும் அதனுடன் அழிந்துவிடும்.