விலைக்கு வாராத காவல்
வெட்டுக்கிளித் தடுப்பிலிருந்து ஒரு பொருளியல் பாடம்

விவசாயி ஒருவர் சந்தையில் விதையும் உரமும் வாங்குகிறார். செலவு அவருடையது, விளைவால் வரும் பயனும் அவருடையதே. ஆகவே எவ்வளவு வாங்குவது என்பதை விலையைப் பார்த்து அவரே சரியாக முடிவு செய்துகொள்ள இயலும். ஆனால் ஒருவர் செய்யும் செயலின் பயனோ தீங்கோ, அச்செயலில் தொடர்பில்லாத பிறரைச் சேருமாயின், அதனை விலை காட்டுவதில்லை. பொருளியலார் இதனைப் ‘புறவிளைவு’ என்பர். புறவிளைவு மிகுந்த இடத்தில் சந்தை என்ன செய்யும் என்பதை அறிய, ராஜஸ்தானத்துப் பாலைவன வெட்டுக்கிளியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மழை பெய்து ஈரமான மணலில் பெண் வெட்டுக்கிளி முட்டையிடுகிறது. சுமார் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவற்றுக்கு இறகு இல்லை. கூட்டமாகத் தத்திச் செல்ல மட்டுமே இயலும். ஏறக்குறைய ஐந்து ஆறு வாரங்கள் வளர்ந்து, பலமுறை தோலுரித்த பின்னரே இறகு பெற்றுப் பறக்கின்றன. அதன் பின்னர் காற்றின் போக்கில் ஒரே நாளில் 150 கிலோமீட்டர் வரை செல்லவல்லவை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி பூச்சிகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றின் எடை சுமார் 2 கிராம். தன் எடையளவு பசுமையை அது நாள்தோறும் தின்கிறது. அதாவது அக்கூட்டத்தின் ஒருநாள் உணவு ஏறத்தாழ 80 டன்.

எனவே இவற்றை எளிதில் அழிப்பதற்குரிய காலம், தரையில் தத்தித் திரியும் அந்தச் சில வாரங்களே. ஆனால் அக்காலத்தில் அவை பெரும்பாலும் பயிர் நிலத்தில் இருப்பதில்லை. ஆளரவமற்ற மணல்மேட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருக்கின்றன. அங்கே ஆடு, ஒட்டகம் மேய்ப்பவருக்குக் காப்பதற்குப் பயிர் இல்லை. மருந்து தெளித்தாலோ, சில நாட்கள் கால்நடைகளை அங்கே விட இயலாது. இழப்பு அவருக்கு, பயன் தொலைவிலுள்ள கோதுமை, கடுகு விவசாயிகளுக்கு என்றால், தாமாக முன்வந்து தகவல் சொல்ல அவருக்குத் தூண்டுதல் ஏது?

ஓட்டுவதும் அழிப்பதும்

கூட்டம் வயலை அடைந்ததும் விவசாயி தட்டையும் தகரத்தையும் அடித்து ஓசை எழுப்புகிறார், புகை மூட்டுகிறார். பூச்சிகள் எழுந்து பறக்கின்றன. அவருடைய பயிர் பிழைக்கிறது. ஆனால் ஒரு பூச்சியும் சாகவில்லை. அவர் தவிர்த்த இழப்பு அடுத்த வயலின் மீது இறங்குகிறது. அதற்குரிய விலையை அவர் எவருக்கும் கொடுப்பதில்லை. இது தீய புறவிளைவு. மாறாக, ஒருவர் மருந்து தெளித்துப் பூச்சிகளை அழித்தால் காற்றின் திசையிலுள்ள அனைவருக்கும் நன்மை உண்டு. அவர்களும் அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. இது நல்ல புறவிளைவு. தீயது மலிவாகவும் நல்லது செலவு மிக்கதாகவும் இருக்கும்போது, தனி மனிதர் எதனைத் தேர்வார் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, 200 விவசாயிகள் வாழும் ஒரு சிற்றூரைக் கொள்வோம். அருகிலுள்ள தரிசு நிலத்தில் குஞ்சுகள் தோன்றியுள்ளன. அவற்றை அழிக்க 60,000 ரூபாய் செலவாகும். அழிக்காவிடில் ஒவ்வொருவருக்கும் 3,000 ரூபாய் பயிர் நட்டமாகும். ஊரின் மொத்த நட்டம் 6 லட்சம். 60,000 செலவிட்டு 6 லட்சத்தைக் காப்பது தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனியொருவர் 3,000 ரூபாயைக் காக்க 60,000 செலவிடமாட்டார்.

தலைக்கு 300 ரூபாய் வீதம் திரட்டினால் என்ன? ஒவ்வொருவரும் இவ்வாறு எண்ணக்கூடும்: ‘மற்றவர்கள் கொடுத்துவிட்டால் என் பணமின்றியும் பூச்சிகள் அழியும், மற்றவர்கள் கொடாவிட்டால் என் 300 ரூபாயால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை.’ இரு வகையிலும் கொடாதிருப்பதே அவருக்கு ஆதாயம். இத்தகையோரைப் பொருளியலார் ‘இலவசப் பயணி’ என்பர். இவர் தீயவர் அல்லர், கணக்கறிந்தவர். எல்லோரும் அவ்வாறே கணக்கிடுவதால் நிதி திரள்வதில்லை.

தனியார் நிறுவனம் ஒன்று இக்காவலை விலைக்கு விற்க முன்வந்தாலும் பயனில்லை. கொடுத்தவரின் வயலுக்கு வராத கூட்டம், கொடாதவரின் வயலுக்கும் வருவதில்லை. அவரை விலக்கிவைக்க வழியில்லை. மேலும், ஒருவர் காவல் பெறுவதால் மற்றவருக்குரிய காவல் குறைவதுமில்லை. விலக்க இயலாமை, பகிர்ந்தும் குறையாமை ஆகிய இவ்விரு பண்புகளும் உடையதே ‘பொதுப் பண்டம்’. 1954-இல் பால் சாமுவேல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய பண்டங்களைச் சந்தை போதிய அளவில் அளிக்காது என்பதைக் கணித முறையில் நிறுவினார்.

இங்குச் சந்தை சும்மா இருந்துவிடுவதுமில்லை. அதே ஊரில் ஒவ்வொருவரும் தத்தம் வயலைக் காக்கத் தகரம், புகை, கூலியாள் என 1,000 ரூபாய் செலவிட்டால் ஊரின் செலவு 2 லட்சம் ஆகிறது. அது 60,000 ரூபாயைவிட மூன்று மடங்குக்கும் மேல். பூச்சிகளோ அடுத்த ஊருக்குச் சென்றுவிடுகின்றன. பணம் செலவாகிறது, ஆனால் தவறான இடத்தில், காலம் கடந்து செலவாகிறது.

அரசின் பொறுப்பும் அதன் எல்லையும்

இதற்கு இரு பரிகாரங்கள் உண்டு. ஒன்று சட்டம். 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாகாண விவசாயப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம், நிலத்தை வைத்திருப்பவர் தடுப்பு முறைகளைச் செய்தாக வேண்டும் என்றும், தவறினால் அதிகாரிகளே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்றும் வகுத்தது. மற்றொன்று வரிப்பணத்தால் நடைபெறும் பொதுக் காவல். 1939-இல் நிறுவப்பட்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு, ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களைச் சார்ந்த சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பாலைவனப் பகுதியைக் கண்காணித்து வருகிறது.

ஆனால் வெட்டுக்கிளி எல்லைக்கோட்டை அறியாது. ஊருக்குள் விவசாயிகளிடையே எழும் சிக்கல், இங்கு நாடுகளிடையே எழுகிறது. 2018-இல் மே மாதத்திலும் அக்டோபரிலும் வீசிய இரு புயல்கள், அரேபியத் தீபகற்பத்தின் பெரும்பாலைவனத்தில் மழையைக் கொணர்ந்தன. மனித நடமாட்டமற்ற அப்பகுதியில் வெட்டுக்கிளிகள் எவரும் காணாமலே மூன்று தலைமுறை பெருகின. போரால் சிதைந்த ஏமன் நாட்டில் தடுப்புப் பணி முறையாக நடைபெற இயலவில்லை. 2019-இல் கூட்டங்கள் ராஜஸ்தானுக்குள் நுழைந்தன. 2020 மே மாதத்தில் ஜெய்ப்பூரையும் கடந்து மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை சென்றன. இதனால்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் பிற பூசல்களுக்கிடையிலும் 1977 முதல் பல்லாண்டுகள் முனாபாவ், கோக்ராபார் எல்லை நிலையங்களில் தம் அலுவலர்களைச் சந்திக்கச் செய்து தகவல் பரிமாறிக்கொண்டன.

அரசின் காவலுக்கும் புறவிளைவு உண்டு என்பதை மறத்தலாகாது. கூட்டம் மாலையில் அடைந்து, காலையில் வெயில் ஏறிய பின் எழுவதால், இரவிலும் விடியலிலும் மாலத்தியான் மருந்தை மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கின்றனர். காற்று மிகுந்தால் அது நீர்நிலைக்கும் தேனீக்களுக்கும் சென்று சேரும். இதற்கும் விலைச்சீட்டு இல்லை. தேனீப் பெட்டிகளை அகற்றுதல், குளங்களை ஒட்டிய பகுதியை விட்டுத் தெளித்தல் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே திட்டத்தின் உண்மைச் செலவைக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1993-க்குப் பின் 2019 வரை இந்நாட்டில் பெருந்தாக்குதல் நேரவில்லை. அத்தகைய அமைதி ஆண்டுகளில் பாலைவனத்தைச் சுற்றிவரும் வாகனமும் ஊழியரும் வீண் செலவாகத் தோன்றுவது இயல்பு. தடுக்கப்பட்ட நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. எனவே களப்பணியாளர், காவல் தளர்ந்ததா என்பதைத் தாக்குதலின் எண்ணிக்கையைக் கொண்டு அளத்தல் கூடாது. மழை பெய்த மணற்பகுதிகளில் எத்தனை இடங்கள் உரிய வாரத்திற்குள் பார்வையிடப்பட்டன என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். பார்வையிடாத இடங்கள் பெருகும் ஆண்டில், பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிடினும், காவல் குறைந்துவிட்டது என்றே கொள்ளலாம்.