புள்ளிவிவரம் தருகிறீர்களா? ஆதாரமும் தாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் டைப் செய்யப் பழகிய பின்னர், பலர் இணையத்தில் கட்டுரை எழுதத் தொடங்குகின்றனர். இவர்கள் அனுப்பும் கட்டுரைகளைப் படிக்கையில் ஒரு வாக்கியத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். "ஆய்வுகளின்படி தமிழகத்தில் 80 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவர்கள்" என்பது போல இருக்கும். யார் செய்த ஆய்வு? எந்த ஆண்டு? யாரில் 80 சதவீதம்? இந்த மூன்றுக்கும் விடை இல்லை. இதே எண்ணை எடுத்துக் கொண்டு, எப்படிச் சரி பார்த்து எழுதுவது எனப் பார்க்கலாம்.

முதலில் எண் எங்கு பிறந்தது எனத் தேட வேண்டும். விக்கிப்பீடியாவிலோ, நாளிதழ் தளத்திலோ அதனைப் பார்த்திருப்பீர்கள். அவை எண்ணை எடுத்துச் சொன்னவை, உருவாக்கியவை அல்ல. விக்கிப்பீடியாவில் எண்ணை அடுத்துச் சிறியதாக உள்ள அடிக்குறிப்பு எண்ணில் கிளிக் செய்தால், மூல ஆவணம் எது எனத் தெரியும். எழுத்தறிவைப் பொறுத்தவரை அது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. எனவே தேடல் கட்டத்தில் கீழே உள்ளவாறு டைப் செய்திடுங்கள்.

```
site:censusindia.gov.in literacy tamil nadu 2011
```

இப்படிக் கொடுத்தால் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் உள்ளவை மட்டும் கிடைக்கும். பி.டி.எப். கோப்பு நீளமாக இருந்தால், Ctrl + F அழுத்தி Tamil Nadu எனத் தேடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். 2011 கணக்கெடுப்புக்கே இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று 80.33, மற்றொன்று 80.09. இரண்டும் அரசு தந்தவையே. முதலாவது, 2011 மார்ச் மாதம் வெளியான தற்காலிக விவரம். அந்த ஆவணத்தின் தலைப்பில் Provisional என்ற சொல் இருக்கும். படிவங்களை முழுமையாகக் கணக்கிட்ட பின்னர் வந்த இறுதி எண் 80.09. தற்காலிக எண் முதலில் செய்திகளில் வந்துவிட்டதால், அதுவே பல தளங்களில் இன்றும் உள்ளது. இறுதி எண் கிடைக்கும்போது அதனையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, யாரில் 80 சதவீதம் என்ற கேள்வி. இதற்கு எக்ஸெல் உதவும். A2 செல்லில் தமிழகத்தின் மொத்த மக்கள் தொகை 72147030. B2ல் 6 வயது வரையிலான குழந்தைகள் 7423832. C2ல் எழுத்தறிவு பெற்றோர் 51837507 என அமையுங்கள். வேறொரு செல்லில் இந்த பார்முலாவைத் தாருங்கள்.

```
=C2/(A2-B2)*100
```

விடை 80.09 எனக் கிடைக்கும். குழந்தைகளைக் கழிக்காமல் வகுத்தால் 72க்குச் சற்றுக் குறைவாக வரும். 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே கணக்கெடுப்பு இதில் சேர்க்கிறது. "தமிழக மக்களில் 80 சதவீதம்" என்று எழுதினால், எண் சரி, வாக்கியம் தவறு.

இப்போது வாக்கியத்தை இப்படி எழுதலாம்: "2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் இறுதி விவரப்படி, தமிழகத்தில் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 80.09 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவர்கள்." கணக்கெடுப்பு என்ற சொல்லிலேயே, நீங்கள் பார்த்த பக்கத்திற்கு லிங்க் கொடுத்துவிடுங்கள். தளத்தின் முகப்புப் பக்கத்திற்கு லிங்க் தந்தால், படிப்பவர் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியதிருக்கும். அரசுத் தளங்கள் மாற்றி அமைக்கப்படுகையில் பழைய லிங்க்குகள் செயல்படாமல் போகும். எனவே web.archive.org தளத்தில் Save Page Now பிரிவில் அந்த முகவரியைத் தந்து, ஒரு பிரதியைச் சேமித்து வையுங்கள்.

மூல ஆவணம் கிடைக்கவில்லையா? அப்போது நீங்கள் உண்மையில் படித்தது எதுவோ, அதன் பெயரைச் சொல்லுங்கள். நாளிதழில் மட்டும் படித்துவிட்டு, கணக்கெடுப்பு அறிக்கையைப் பார்த்தது போல எழுதக் கூடாது. நாளிதழ் தவறாக அச்சிட்டிருந்தால், அந்தத் தவறு உங்கள் பெயரில் வந்து சேரும்.

ஆதாரம் சொல்லிவிட்டால் எதையும் காப்பி செய்யலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். எண் பொதுவானது, அதனை விளக்கும் வாக்கியங்கள் எழுதியவருக்குச் சொந்தம். பத்தியை அப்படியே எடுத்து, இரண்டு சொற்களை மட்டும் மாற்றினாலும் அது திருட்டுதான். படித்த பக்கத்தை மூடிவிட்டு, நீங்கள் புரிந்து கொண்டதை எழுதுங்கள். பிறகு பக்கத்தைத் திறந்து எண்களை ஒப்பிடுங்கள். ஒருவரின் சொற்கள் அப்படியே தேவை என்றால், மேற்கோள் குறிகளுக்குள் பெயருடன் தாருங்கள்.