யாரும் வேலை செய்யாத இருபத்தோரு நாள்

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை, புதிதாக ஒரு வி.எம்.சி. மெஷின் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். முதல் பீஸ் என்றைக்கு வெளியே வரும்? மெஷின் வந்து இறங்கும் தேதியைச் சொல்லி, அதோடு ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பிவிடும்.

இதற்கென்றே ஒரு கணக்கு முறை இருக்கிறது. 1957 வாக்கில் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறை அது. அவர்கள் யூனிவாக் கணினியில் போட்ட கணக்கை நம் பட்டறைக்கு ஒரு தாளில் போட்டுவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எந்த வேலை முடிந்தால்தான் அதைத் தொடங்க முடியும் என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும்.

நம் பட்டறையில் முதல் நாளிலேயே நான்கு கிளைகள் தொடங்குகின்றன. ஒன்று அஸ்திவாரம். மெஷின் கம்பெனியின் வரைபடத்தை வாங்கித் தரையில் குறிக்க 2 நாள், பழைய தரையை உடைத்துக் குழி எடுக்க 3 நாள், கம்பி கட்டி கான்கிரீட் போட 2 நாள், அது இறுகக் காத்திருக்க 21 நாள். ஆக 28. இரண்டாவது, மெஷின் வந்து சேர 24 நாள். மூன்றாவது மின்சாரம். இ.பி.யில் கூடுதல் லோடுக்கு அனுமதி வாங்க 20 நாள், அதன்பின் கேபிள், பேனல், எர்த்திங் முடிக்க 4 நாள், ஆக 24. நான்காவது, கம்ப்ரஸரிலிருந்து ஏர் லைன் இழுப்பது. அதற்கு 3 நாள் போதும்.

அஸ்திவாரம் இறுகி, மெஷினும் வந்த பிறகுதான் கிரேன் வைத்து இறக்க முடியும். அதற்கு 1 நாள். ஃபவுண்டேஷன் போல்ட் குழிகளில் கிரவுட் ஊற்றி இறுகவிட 3 நாள். பிறகு கரண்ட் கொடுத்து லெவல் பார்க்க 2 நாள், ஓட்டிப் பார்த்து டெஸ்ட் பீஸ் எடுத்து அளக்க 3 நாள். அஸ்திவாரக் கிளையின் 28 நாளோடு இந்த 9 நாளைக் கூட்டினால் 37. தொடக்கத்திலிருந்து முடிவுவரை இதுதான் மிக நீளமான வழி. கிரிட்டிக்கல் பாத் என்பது இந்த வழியைத்தான். இதில் எங்கே ஒரு நாள் தவறினாலும் கடைசித் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும்.

மற்ற கிளைகளுக்குக் கொஞ்சம் இடைவெளி உண்டு. மெஷின் 4 நாள் தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. கரண்ட் 32-ஆம் நாள் முடிவுக்குள் தயாராக இருந்தால் போதும் என்பதால் அந்தக் கிளைக்கு 8 நாள் கிடைக்கிறது. இந்த இடைவெளியை ஃப்ளோட் என்பார்கள்.

37 நாளில் 21 நாள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பதிலேயே போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். அப்போது ஆட்கள் யாரும் இல்லை, ஓசை இல்லை. அதனாலேயே வேலைப் பட்டியல் எழுதும்போது அதை விட்டுவிடுகிறார்கள். பட்டறைக்காரர் மெஷின் லாரி எங்கே வருகிறது என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் தேதியைத் தீர்மானித்தது, கொத்தனார் குழி எடுக்க வராமல் போன அந்த ஒரு திங்கட்கிழமை.

சரி, காலத்தைக் குறைக்க வழி உண்டா? உண்டு. வலிமை கூடிய கலவை போட்டு, சீக்கிரம் இறுகும் மருந்தும் சேர்த்து, 21 நாளை 14 ஆக்கலாம் என்று சிவில் இன்ஜினீயர் சொல்கிறார். கான்கிரீட் போடும் அன்றே அதே கலவையில் 15 செ.மீ. கட்டிகள் சில வார்த்து வைத்து, 14-ஆம் நாள் அவற்றை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்து, மெஷின் கம்பெனி கேட்கும் வலிமை வந்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே மெஷினை ஏற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு லெவல் நிற்காது.

கலவைக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஏழு நாள் மிச்சப்படுத்தினோமே, 37 இப்போது 30 ஆகிவிடுமா? ஆகாது. அஸ்திவாரம் 21 நாளில் தயார், ஆனால் மெஷின் 24-ஆம் நாள்தான் வரும். நீளமான வழி இப்போது மெஷின் வரும் கிளைக்கு மாறிவிட்டது. 24-உம் 9-உம் சேர்ந்து 33. ஏழு நாளுக்குக் கொடுத்த பணத்தில் நான்கு நாள்தான் கைக்கு வந்தது. கான்கிரீட்டை 17 நாள் இறுகவிட்டிருந்தாலும் இதே 33 தான், மூன்று நாள் கூடுதலாக இறுகியிருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கரண்ட் இப்போது 28-ஆம் நாளுக்குள் வந்தாக வேண்டும், அந்தக் கிளையின் ஃப்ளோட் 8-இலிருந்து 4 ஆகச் சுருங்கிவிட்டது. 18-ஆம் நாள் இ.பி. அலுவலகத்தில் விசாரிக்கிறோம், இன்னும் 7 நாள் ஆகும் என்கிறார்கள். அனுமதி 25-ஆம் நாள், கேபிள் வேலை முடிய 29. பழைய திட்டமாக இருந்தால் மூன்று நாள் கையிருப்போடு நிம்மதியாக இருந்திருக்கலாம். புதிய திட்டத்தில் மொத்தம் 34 நாளாகிவிட்டது, இனி துரத்த வேண்டியது மின்சார வேலையை. அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே பேனலையும் எர்த்திங்கையும் எலெக்ட்ரீஷியன் முடித்துவிட முடிந்தால், அந்த ஒரு நாளைத் திரும்பப் பிடித்துவிடலாம். அதே வாரத்தில் ஏர் லைன் வேலையையும் அவர் தலையில் கட்டாமல் இருந்தால்.