காசுக் கணக்கு – 9: போட்ட முதல் வரும்வரை

மாத்தளை நகரிலும் உக்குவெல, இரத்தோட்டைப் பக்கங்களிலும் பங்கு வாங்க நினைத்தவர்கள் முன்பெல்லாம் கண்டிக்கு பஸ் ஏறவேண்டும். 2020இன் பிற்பகுதியில் கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதியைக் கொழும்பு பங்குப் பரிவர்த்தனை கொண்டுவந்த பிறகு அந்தப் பயணம் தேவையில்லாமல் போனது. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வீட்டிலிருந்தபடியே சந்தைக்குள் நுழைந்தார்கள். அப்படி நுழைந்தவர்களிடம் இன்று பேசினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: “வாங்கின விலையைவிட இறங்கிக் கிடக்குது, விற்கவா, வைத்திருக்கவா?” பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: “போட்ட முதல் வந்தால் போதும், அன்றைக்கே கொடுத்துவிடுவேன்.”

அந்தப் பதில் ஏன் ஆபத்தானது என்பதை எக்ஸ்போலங்கா ஹோல்டிங்ஸ் பங்கின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய உதாரணம் நம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை. அது இரண்டு தடவை, இரண்டு எதிர்த் திசைகளில், இதே பதிலைச் சோதித்துப் பார்த்த பங்கு.

சரக்கு விமானத்திலும் கப்பலிலும் இடம் பிடித்து, ஏற்றுமதியாளரின் பொருளை உலகெங்கும் அனுப்பிவைப்பது அந்தக் கம்பனியின் முக்கியத் தொழில். 2011இல் ஒரு பங்கை 14 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வழங்கி அது சந்தைக்கு வந்தது. யுத்தம் முடிந்தபின் ஏறிய சந்தை உச்சியைத் தொட்டுத் திரும்பிய ஆண்டு அது. விலை 14க்குக் கீழே போனது. 2014இல் ஜப்பானின் எஸ்.ஜி. ஹோல்டிங்ஸ் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. ஆனாலும் 2020இன் தொடக்கத்தில் விலை ஒற்றை இலக்கத்தில்தான் கிடந்தது. ஆரம்ப வழங்கலில் வாங்கியவருக்கு ஒன்பது வருடக் காத்திருப்பு.

பிறகு கொரோனா வந்தது. பயணிகள் விமானங்கள் நின்றதால் அவற்றின் அடிவயிற்றில் போன சரக்குக்கு இடமில்லை. கப்பல் கொள்கலன்களுக்குத் தட்டுப்பாடு. அனுப்பும் கட்டணம் உலகெங்கும் பல மடங்கானது. அந்தக் கட்டணத்தில் வாழும் கம்பனிக்கு வருமானம் குவிந்தது. 2020இன் பிற்பகுதியில் விலை மீண்டும் 14ஐக் கடந்து மேலே போனது. “முதல் வந்தால் போதும்” என்று இருந்தவர் விற்கும் இடம் இதுதான். கம்பனியின் வரலாற்றிலேயே சிறந்த காலம் தொடங்கும் இடமும் இதுதான். 2022 ஜனவரிக்குள் அந்தப் பங்கு 300 ரூபாயைத் தாண்டியிருந்தது.

14இல் விற்றவர் கம்பனியின் கணக்கைப் பார்த்து விற்கவில்லை; தன் பழைய ரசீதைப் பார்த்து விற்றார். ஒரே விலையில் ஆயிரக்கணக்கானோர் மாட்டியிருக்கும்போது அந்த விலையை நெருங்கியதுமே விற்பனை குவிவது இதனால்தான். அந்த எண்ணுக்குத் தொழிலோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

இரண்டாவது சோதனை அந்த உச்சியிலிருந்து ஆரம்பித்தது. ஒரு மாதிரிக் கணக்கைப் போடுவோம். மாத்தளையில் ஒருவர் 2022 ஜனவரியில் 300 ரூபாய்ப்படி 1,000 பங்கு வாங்கினார் என்று வையுங்கள். தரகர் கூலி, பரிவர்த்தனைக் கட்டணம், 0.30 வீத அரசாங்க வரி எல்லாம் சேர்ந்து 1.12 வீதம், 3,360 ரூபாய். மொத்தம் 303,360 ரூபாய் போனது. தரகரின் திரை அவருடைய சராசரி விலையை 303.36 என்று காட்டும், பக்கத்திலேயே இன்றைய நட்டத்தைச் சிவப்பில் காட்டும். ஒவ்வொரு நாளும் அவர் கண்ணில் முதலில் படுவது அந்த எண்தான். நங்கூரம் போடுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

விலை 200க்கு வருகிறது. விற்றால் கட்டணம் போக 197,760 ரூபாய் கைக்கு வரும். மனிதர் 105,600 ரூபாய் நட்டத்தைப் பார்க்கிறார், கை நடுங்குகிறது, திரையை மூடிவிடுகிறார். விற்காதவரை அது நட்டமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறார்.

மாத்தளைக்காரர்கள் மிளகு விஷயத்தில் இப்படி நினைப்பதில்லை. போன வருடம் கூடின விலைக்கு வாங்கி இருப்பில் வைத்த மிளகை நகரத்துக் கடைக்குக் கொண்டுபோனால், முதலாளி காய்ச்சலையும் கனத்தையும் பார்த்து இன்றைய விலை சொல்வார். நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்கமாட்டார், கேட்டாலும் விலை மாறாது. சந்தையில் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் உங்கள் 303.36 தெரியாது. 105,600 ரூபாய் விற்காதபோதும் போய்விட்டது. இனி முடிவு செய்ய மீதியிருப்பது 197,760 ரூபாயைப் பற்றி மட்டும்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? அந்த 197,760 ரூபாய் வேறிடத்தில் என்ன செய்யும் என்பதைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வருடப் பிற்பகுதியில் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன. திறைசேரி உண்டியல் அதையும் தாண்டியது. 20 வீதம் என்றே எடுத்தாலும் ஒரு வருடத்தில் அந்தத் தொகை 237,312 ரூபாயாகும். பங்கை வைத்திருப்பவர் வருட முடிவில் விற்று இதே தொகையைப் பெற, வரியையும் இடையில் வரும் பங்கிலாபத்தையும் ஒதுக்கிப் பார்த்தால், விலை 240 ரூபாய்க்குப் போகவேண்டும்.

ஆகவே அவர் தன்னைக் கேட்கவேண்டிய கேள்வி, “இது 303க்குத் திரும்புமா?” என்பதல்ல. “ஒரு வருடத்தில் இது 240ஐத் தாண்டும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறதா?” காரணம் இருந்தால் 303 வராவிட்டாலும் வைத்திருப்பது சரி. காரணம் இல்லையென்றால் விற்பது சரி. இரண்டு இடத்திலும் 303க்கு வேலை இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் கூடியிருந்தது. முந்திய செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 169.80 ரூபாய். அந்த விலைவாசிக்குள் இருந்துகொண்டு 2022 ஜனவரியின் 303 ரூபாய்க்காகக் காத்திருந்தவர், அது வந்திருந்தாலும் போட்ட முதலைத் திரும்பப் பெற்றிருக்கமாட்டார். அதே எண்ணைத்தான் பெற்றிருப்பார்.

விலை இறங்கியதும் பலர் செய்யும் அடுத்த காரியம் சராசரியைக் குறைப்பது. நம் மாதிரிக்காரர் 200இல் இன்னும் 1,000 பங்கு வாங்கினால் திரையில் சராசரி 252.80 ஆகிவிடும், சிவப்பு கொஞ்சம் வெளிறும், மனம் ஆறும். ஆனால் ஒரே கம்பனியில் அவர் போட்ட பணம் 505,600 ரூபாயாகிவிட்டது. போன பணத்தைக் காப்பாற்றப் புதிய பணத்தை அனுப்பும் இடம் இது, என் பார்வையில் வைத்திருப்பதைவிட மோசமான தவறு. புதிய 202,240 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பங்கை முன்பு தொட்டதே இல்லை என்றால் இன்று இதைத்தான் வாங்குவேனா என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால் மட்டுமே அந்தக் கொள்வனவுக்கு அர்த்தமுண்டு.

இது நம்மவரின் தனிப் பலவீனமல்ல. அமெரிக்கப் பொருளியலாளர் டெரன்ஸ் ஓடீன் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்த்தது. இலாபத்தில் இருந்த பங்குகளை விற்கும் வீதம், நட்டத்தில் இருந்தவற்றை விற்கும் வீதத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அவர்கள் விற்றுவிட்ட இலாபப் பங்குகள், பிடித்துவைத்த நட்டப் பங்குகளைவிட அடுத்த வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக ஈட்டின. பூச்செடியைப் பிடுங்கிவிட்டுக் களையைக் காத்திருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் இன்னும் வினோதமானது. வாங்கிய விலைக்கு வரிக் கணக்கில் உண்மையான பங்குண்டு. நட்டத்தில் விற்றால் வரி குறையும். இந்தியாவிலும் ஒரு பங்கில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்கலாம். சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வாங்கிய விலையைக் குறித்துவைத்திருப்பதில் நியாயமிருக்கிறது. இலங்கையில் பட்டியலிட்ட பங்கை முதலீடாக வைத்திருந்து விற்பவருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கொடுக்கவேண்டியது அந்த 1.12 வீதம்தான், அது இலாபத்திலும் நட்டத்திலும் ஒன்றே. ஆகவே அவர்களைவிட நமக்குத்தான் வாங்கிய விலையை மறப்பது சுலபமாக இருக்கவேண்டும். தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு எடுத்தவரின் கதை வேறு. அவருக்குக் கடன் மிச்சமும் வட்டியும் கவலை. விலை இறங்கினால் தரகரே விற்றுவிடுவார்.

எக்ஸ்போலங்காவுக்கு என்ன நடந்தது? 2022இன் பிற்பகுதியில் கொள்கலன் கட்டணங்கள் சரிந்தன, கம்பனியின் இலாபம் கரைந்து பிறகு நட்டமானது. 2024இல் எஸ்.ஜி. ஹோல்டிங்ஸ் மீதிப் பங்குகளை 185 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு கம்பனியைப் பட்டியலிலிருந்து எடுக்க முன்வந்தது. 303க்காகக் காத்திருந்தவரின் காத்திருப்பு அங்கே முடிந்தது. அதே 2024இன் இறுதியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியின் உச்சத்தையும் தாண்டி 15,000க்கு மேல் நின்றது. சந்தை திரும்பியது, இந்தப் பங்கு திரும்பவில்லை. சந்தையோடு சேர்ந்து இறங்கிய பங்கையும் தன் தொழில் குலைந்ததால் இறங்கிய பங்கையும் “எல்லாம் ஒரு நாள் வரும்” என்ற ஒரே வாக்கியத்தில் கட்டுவதன் விலை இது.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்த அறிவிப்புக்கு முன் சந்தை விலை 185ஐவிடக் குறைவு. அப்போது பயந்து விற்றவர் இழந்தார், வைத்திருந்தவர் அந்த அளவில் பயனடைந்தார். இறங்கிய பங்கை எல்லாம் விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் காரணம் கம்பனியில் இருக்கவேண்டும்.

அதற்கு ஒரு வழி, வாங்கும் நாளிலேயே விலையோடு காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. 2022 ஜனவரியில் இந்தப் பங்கை வாங்கியவர் நேர்மையாக எழுதியிருந்தால், “சரக்குக் கட்டணம் இன்னும் ஒரு வருடம் உயர்வாக இருக்கும்” என்று எழுதியிருப்பார். அதன் கீழே, எது நடந்தால் இந்தக் காரணம் செத்துவிடும் என்று ஒரு வரி: “கட்டணம் இறங்கி, காலாண்டு இலாபம் குறையத் தொடங்கினால்.” விலை 303 ஆனாலும் 200 ஆனாலும் பார்க்கவேண்டியது அந்த இரண்டு வரிகளை மட்டும்தான். கட்டணம் இறங்கிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. காலாண்டு அறிக்கைகள் பரிவர்த்தனையின் இணையத்தளத்தில், மாத்தளையிலிருந்தும் யாரும் இலவசமாகத் திறந்து படிக்கும்படி கிடந்தன.