அடுத்து யாருக்கு மெயில் போட வேண்டும்?

"நீங்கள் எங்கள் கம்பெனிக்கு அப்ளை செய்திருந்தீர்களே, இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. எந்தக் கம்பெனி, என்ன வேலை, எப்போது அப்ளை செய்தோம் என்று எதுவும் நினைவுக்கு வராமல் திணறும் இளைஞர்கள் ஏராளம். கேம்பஸில் வேலை கிடைக்காமல் வெளியே வந்து நாக்ரி, லிங்க்ட்இன், நிறுவனங்களின் சொந்தத் தளங்கள், சீனியர் அண்ணன்கள் தரும் ரெஃபரல் என்று நாலா பக்கமும் விண்ணப்பிக்கும்போது, இரண்டே வாரத்தில் கணக்கு கைமீறிவிடும்.

அதற்காகப் பலரும் கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ ஒரு பட்டியல் போடுகிறார்கள். கம்பெனி பெயர், விண்ணப்பித்த நாள், "வெயிட்டிங்" என்று ஒரு குறிப்பு. பத்து நாள் அக்கறையாக நிரப்புவார்கள். பிறகு அந்தப் பக்கமே போக மாட்டார்கள். காரணம், அது முடிந்துபோனதை மட்டுமே சொல்லும் பட்டியல். விண்ணப்பித்தவருக்குத் தேவைப்படுவது அடுத்து என்றைக்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்ற தகவல். எனவே ஷீட்டின் உயிர் ஒரே ஒரு நெடுவரிசையில் இருக்கிறது: அடுத்த தேதி. மற்றவை எல்லாம் அந்தத் தேதியைச் சரியாகக் கணக்கிட உதவுபவை.

எட்டு நெடுவரிசைகள் போதும். A-யில் நிறுவனம், B-யில் பணி, C-யில் விண்ணப்பித்த நாள், D-யில் நிலை, E-யில் கடைசித் தொடர்பு, F-இல் அவர்கள் சொன்ன தேதி, G-யில் அடுத்த தேதி, H-இல் குறிப்பு. இதில் பலர் வழுக்கும் இடம் C-யும் E-யும். விண்ணப்பித்த நாளிலிருந்தே ஏழு நாள், பத்து நாள் என்று எண்ணுகிற ஷீட்டில், நினைவூட்டல் மெயில் போட்ட பிறகும் அந்த வரிசை சிவப்பாகவே நிற்கும். ஒரு மாதத்தில் ஷீட் முழுக்கச் சிவப்பாகும். கண் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். C-யை ஒருமுறை எழுதினால் பிறகு தொடக்கூடாது. E மட்டும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் மாறும். எண்ணிக்கை E-யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிலையைக் கையால் தட்டச்சு செய்யவும் கூடாது. ஒரு நாள் "நேர்காணல்", மறுநாள் "இன்டர்வியூ", இன்னொரு நாள் பின்னால் ஒரு காலி இடத்தோடு "நேர்காணல் " என்று விழுந்தால், கணினிக்கு அவை மூன்றும் வெவ்வேறு. List என்று தனியாக ஒரு தாள் திறந்து, அதன் A-யில் நிலைகளையும் B-யில் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் வேலை நாட்களையும் எழுதிவிடலாம்: விண்ணப்பம் 7, தேர்வு 5, நேர்காணல் 5, ஆஃபர் 2. ஐந்தாவதாக "முடிந்தது"; அதற்கு எண் வேண்டாம். இந்த எண்கள் சட்டம் அல்ல, அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அதே தாளின் D-யில் அந்த ஆண்டின் அரசு விடுமுறைத் தேதிகள். பிறகு முதல் தாளின் நிலை நெடுவரிசைக்கு Data மெனுவில் உள்ள Data validation வழியாக இந்தப் பட்டியலை இணைத்தால், தேர்ந்தெடுப்பது மட்டும்தான் வேலை.

G2 செல்லில் எழுத வேண்டிய சூத்திரம் இது:

```
=IF(OR(D2="",E2="",D2="முடிந்தது"),"",
 IF(F2>E2,
  WORKDAY(F2,1,List!$D$2:$D$40),
  WORKDAY(E2,VLOOKUP(D2,List!$A$2:$B$6,2,FALSE),
   List!$D$2:$D$40)))
```

பார்க்க மிரட்டினாலும் சொல்வது எளிது. வரிசை காலியாகவோ முடிந்தோ இருந்தால் தேதி வேண்டாம். நிறுவனமே ஒரு தேதி சொல்லியிருந்து, அது கடைசித் தொடர்புக்குப் பிந்தையது என்றால், அந்தத் தேதிக்கு அடுத்த வேலை நாளில் கேட்க வேண்டும். அப்படி எதுவும் சொல்லாவிட்டால், நிலைக்கு ஏற்ற நாட்களை E-யிலிருந்து எண்ண வேண்டும். WORKDAY சனி, ஞாயிறையும் விடுமுறைப் பட்டியலில் உள்ள நாட்களையும் தானாகத் தாண்டிவிடும். சனிக்கிழமையும் இயங்கும் நிறுவனங்களுக்கு WORKDAY.INTL என்ற இன்னொரு சூத்திரம் இருக்கிறது. அதில் நாட்களின் எண்ணிக்கைக்கு அடுத்து 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் விடுமுறை. இந்தச் சூத்திரத்தை G2-விலிருந்து கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிசைக்கும் வந்துவிடும்.

இனி, திருநெல்வேலியில் பி.இ. முடித்த ஒரு பெண், சிறுசேரியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை விண்ணப்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். நிலை விண்ணப்பம்; ஏழு வேலை நாள். C-யிலும் E-யிலும் அந்தத் தேதியை எழுதினால் G-யில் ஆகஸ்ட் 13 வரும். அதற்கு முந்தைய நாள், 12-ஆம் தேதியே ஆன்லைன் தேர்வு நடந்துவிடுகிறது. அவர் நிலையைத் தேர்வு என்று மாற்றி, E-யில் 12-ஐ எழுதுகிறார். ஐந்து வேலை நாள் எண்ணினால் 19 வர வேண்டும். ஆனால் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். அது விடுமுறைப் பட்டியலில் இருப்பதால் G காட்டுவது 20.

20-ஆம் தேதி வரை பதில் இல்லை. அன்று காலை அந்த வரிசை நிறம் மாறியிருக்கிறது. அவர் நாலு வரியில் மெயில் போட்டுவிட்டு, E-யை 20 என்று மாற்றுகிறார். நிறம் உடனே மறைகிறது. அடுத்த தேதி ஆகஸ்ட் 28-க்குத் தள்ளிப்போகிறது. 27 அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்தி, அதனால்தான் 28. இரண்டு நாளில், 22-ஆம் தேதி, ஹெச்.ஆர். பதில் எழுதுகிறார்: 29-க்குள் சொல்கிறோம். E-யில் 22, F-இல் 29. இப்போது G-யில் செப்டம்பர் 1, திங்கட்கிழமை. சொன்ன கெடு முடியும் முன் கேட்டு நச்சரிப்பதும் இல்லை, கெடு முடிந்தபின் மறந்துபோவதும் இல்லை. செப்டம்பர் 1 அன்று அவர் மறுபடி மெயில் போட்டு E-யை மாற்றினால், F-இல் உள்ள பழைய 29-ஐ அழிக்கக்கூட வேண்டாம். அது E-யை விடச் சிறியதாகிவிடுவதால் சூத்திரம் அதைத் தானே ஒதுக்கிவிட்டு, நிலைக்கு உரிய ஐந்து நாள் கணக்குக்குத் திரும்பும்.

நிறம் எப்படி வருகிறது? A2 முதல் H200 வரை தேர்ந்தெடுத்து, Format மெனுவில் Conditional formatting, அதில் Custom formula is. மூன்று விதிகள், தாமதமானதற்குச் சிவப்பு, இன்றைக்கு உரியதற்கு ஆரஞ்சு, இரண்டு நாளில் வரப்போவதற்கு மஞ்சள்:

```
=AND(ISNUMBER($G2),$G2<TODAY())
=$G2=TODAY()
=AND(ISNUMBER($G2),$G2>TODAY(),$G2<=TODAY()+2)
```

G-க்கு முன்னால் உள்ள டாலர் குறியை விட்டுவிடக் கூடாது. அது இருந்தால்தான் வரிசை முழுவதும் G-யைப் பார்த்து நிறம் மாறும். இல்லாவிட்டால் ஒவ்வொரு செல்லும் வேறு வேறு நெடுவரிசையைப் பார்த்து, நிறம் அங்கங்கே சிதறும். ISNUMBER இல்லாவிட்டால், கீழே இன்னும் சூத்திரம் இழுக்கப்படாத வெறும் வரிசைகளும் சிவக்கும். காலி செல்லைக் கணினி பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்வதும், பூஜ்ஜியம் எப்போதும் இன்றைய தேதியை விடச் சிறியது என்பதும்தான் காரணம்.

இவ்வளவும் சரியாகச் செய்து, ஷீட் ஓசையில்லாமல் பொய் சொல்வதும் உண்டு. ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 12/08/2025 என்பது டிசம்பர் 8 ஆகிவிடும். பார்வைக்குத் தேதி போலவே இருக்கும். அந்த வரிசை ஆகஸ்டில் சிவக்கவே சிவக்காது. 20/08/2025 என்றால் இருபதாவது மாதம் கிடையாது என்பதால் அது வெறும் எழுத்தாக நின்று, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். உண்மையான தேதி வலது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடதும் சில வலதுமாக இருந்தால் அமைப்பு தவறு என்று அர்த்தம். File மெனுவில் Settings போய் Locale-ஐ இந்தியா என்று மாற்ற வேண்டும். முன்பே தவறாகப் பதிந்தவற்றைத் திரும்ப எழுத வேண்டும். தேதி நெடுவரிசைகளில் மாதத்தின் பெயர் தெரியும் வடிவத்தை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் ஒரே பார்வையில் பிடிபடும். அதே Settings-இல் நேர மண்டலத்தையும் பார்ப்பது நல்லது. அது அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தால், நம் ஊரில் காலை பத்து மணிக்கு TODAY நேற்றைய தேதியைத்தான் காட்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. E-யில் இன்றைய தேதியைப் போட =TODAY() என்று எழுதிவிடுகிறார்கள். மறுநாள் அது மறுநாளின் தேதியாகிவிடும், அதற்கடுத்த நாளும் அப்படியே. அடுத்த தேதி தினமும் ஒரு நாள் தள்ளிக்கொண்டே போகும். அந்த வரிசை ஒருபோதும் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாறாது. Ctrl விசையையும் அரைப்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி நிலையாகப் பதியும்.

நிறம் கூப்பிட்டு எழுப்பாது. ஷீட்டைத் திறந்தால்தான் தெரியும். எனவே போனில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு அலாரம், அல்லது கூகுள் காலண்டரில் ஷீட்டின் இணைப்போடு ஒரு தினசரி நிகழ்வு அவசியம். கணினியில் ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு போனிலேயே பார்த்து மாற்றலாம். சிவப்பும் ஆரஞ்சும் தீரும் வரை புதிய விண்ணப்பம் போடாமல் இருப்பது நல்ல ஒழுங்கு.

எல்லா இடத்துக்கும் மெயில் போட்டுப் பயனும் இல்லை. டிசிஎஸ் போன்ற பெரிய நிறுவனத்தில் விண்ணப்பத்தின் நிலையை அதன் நெக்ஸ்ட்ஸ்டெப் தளத்தில்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வரிசைகளில் குறிப்பு நெடுவரிசை "தளத்தில் பார்" என்று சொல்ல வேண்டும். அதே குறிப்பில் அனுப்பிய ரெஸ்யூமின் கோப்புப் பெயரும், வேலை அறிவிப்பைச் சேமித்து வைத்த இடமும் இருப்பது மிக முக்கியம். விண்ணப்பக் காலம் முடிந்ததும் அறிவிப்புகள் தளத்திலிருந்து மறைந்துவிடும். நேர்காணலுக்கு முந்தைய இரவில் தேடினால் கிடைக்காது. இரண்டு முறை கேட்டும் பதில் வராத இடத்தை "முடிந்தது" என்று மாற்றிவிடுவதே சரி. பின்னாளில் அவர்களே கூப்பிட்டால் வரிசை அங்கேயேதான் இருக்கும். நிலையை மாற்றினால் போதும்.

இந்த ஷீட்டை அமைக்க ஒரு மணி நேரம் போதும். எக்செலிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் கடைசி செமஸ்டரில் ஒரு லேப் வகுப்பை ஒதுக்கி, Locale-ஐச் சரிபார்த்து, அந்த ஆண்டின் விடுமுறைப் பட்டியலோடு ஒவ்வொரு மாணவரும் தன் ஷீட்டைத் தானே உருவாக்கி எடுத்துப்போகச் செய்ய வேண்டும்.